முன்னாள் காதலரின் கல்யாணப் பத்திரிகை வந்தால்...

சேரன் இயக்கி நடித்து 2004-ல் வெளிவந்த ‘ஆட்டோகிராப்’ படத்தில், நாயகன் செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையைப் பழைய காதலிகளுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பான். அவர்களும் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்துவார்கள். இன்று அந்தப் பத்திரிகை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. கீழே ஒரு வரி: ‘கண்டிப்பா வரணும்.’

கோபம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் போக மனம் வரவில்லை. என்ன பதில் சொல்வது?

சுபகாரியத்துக்கு அழைத்தவரிடம் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல நம் ஊரில் பலருக்கும் வாய் வராது. ‘பார்க்கிறேன்’, ‘முயற்சி பண்றேன்’ என்று இழுப்பார்கள். தூரத்து உறவுக்கு அது போதும். இங்கே அது உதவாது. அழைத்தவர் காத்திருப்பார், பொது நண்பர்கள் வழியாக மறுபடி மறுபடி விசாரிப்பு வரும்.

பொய்க் காரணமும் நிற்காது. ‘அன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட்’ என்றால், ‘அப்போ முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வா’ என்று பதில் வரும். ரிசப்ஷன் ஒரு நாள், முகூர்த்தம் மறுநாள் என்று நடக்கும் கல்யாணத்துக்கு ஒரு சாக்கு பத்தாது.

அதனால் உண்மையையே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உதாரணமாக இப்படி:

‘பத்திரிகை கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம். நினைச்சுக் கூப்பிட்டதுக்கு நன்றி. நேர்ல வர்றது எனக்குச் சரியா வரும்னு தோணலை, அதனால வரலை. தப்பா எடுத்துக்காதே. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.’

இதில் மறுப்பு ‘எனக்கு’ என்ற சொல்லோடு நிற்கிறது. ‘நீ அன்னைக்கு அப்படிப் பண்ணினே’ என்ற பக்கம் போகவே இல்லை. வாழ்த்தும் இருவருக்குமானது. பழைய செல்லப்பெயர், ‘அந்த மெரினா சாயங்காலம் ஞாபகம் இருக்கா’ போன்றவை கிடையாது. அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் முகம் மாறுமா? மாறும் என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

பத்திரிகை வந்த இரண்டு மூன்று நாளுக்குள் பதில் போய்விடுவது நல்லது. முகூர்த்தத்தன்று காலையில் வரும் மறுப்பு, எவ்வளவு பணிவாக இருந்தாலும், மணமேடைக்குப் போகிறவரின் மனதைக் குழப்பும்.

நண்பர் கையில் மொய் கொடுத்தனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொய் நோட்டில் பெயரோடு தொகை ஏறும். கல்யாணம் முடிந்ததும் இரு வீட்டாரும் அதைப் புரட்டுவார்கள். ‘இது யாரு?’ என்ற கேள்விக்குப் புதுத் தம்பதி பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாழ்த்துச் செய்தியே போதும்.

இருவரும் ஒரே சொந்தத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே வீட்டுப் பெரியவர்கள் போய்த் தலைகாட்டினாலே முறை நிறைவேறிவிடும்.

‘சரி, புரியுது’ என்று பதில் வந்தால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். கல்யாண நாளில் சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் மட்டும் வைக்காதீர்கள்.