வினைமுற்றில் ஒளிந்திருக்கும் மரியாதை

சென்ற வாரம், முன்பின் அறியாதவரை உறவுப் பெயரிட்டு அழைக்கும் வழக்கத்தைக் கண்டோம். அழைத்தபின் வரும் வாக்கியத்தில் 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா என்ற சங்கடத்தை இப்போது எடுத்துக்கொள்வோம்.

ஒருவரைப் பன்மையாகச் சொல்வது நேற்று வந்த உபசாரமன்று. அது உலக வழக்கில் உயர்வு குறித்து வருவதேயன்றி இலக்கண நெறிப்படி அமைந்ததன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டது. இந்த உயர்வு 'நீங்கள்' என்ற சொல்லில் மட்டும் தங்கியிருப்பதாக நினைப்பவர்கள்தாம் பெரும்பாலும் இடறுகிறார்கள். ஏனெனில் தமிழில் முன்னிலைப் பெயரைச் சொல்லாமலே பேசிவிடலாம், வினைமுற்றின் விகுதியை மறைக்க இயலாது.

மதுரைப் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளிடம், "அம்மா, இந்த வண்டி மேலூர் போகுமா?" என்று கேட்கும்வரை அவனுக்கு ஒரு விபத்தும் இல்லை; வினை வண்டியைச் சேர்ந்தது. "கொஞ்சம் நகர்ந்து..." என்று தொடங்கியதும், 'உட்கார்' என்று முடிப்பதா, 'உட்காருங்கள்' என்று முடிப்பதா என்பதை அவன் தீர்மானித்தே ஆகவேண்டும். தகப்பனாரை 'நீங்கள்' என்றும் தாயாரை 'நீ' என்றும் சொல்லும் வீடுகள் அநேகம். அத்தகைய வீட்டில் 'அம்மா, உட்கார்' என்பது பாசம். ஆனால் வெளியில் அம்மா என்ற பெயரை எடுத்துச் செல்லலாமே ஒழிய, வீட்டு வினைமுற்றையும் கூடவே எடுத்துச் செல்லலாகாது.

வயதோ அந்தஸ்தோ புலப்படாதபோது அனுபவசாலிகள் கையாளும் உபாயம், முன்னிலையையே தவிர்ப்பது. "ஊர் எது?", "சாப்பாடு ஆயிற்றா?" என்ற கேள்விகளில் எவருக்கும் குறைவில்லை. ஏவலையும், "கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று வினாவாக மாற்றிவிடலாம். ஆயினும் பேச்சு நீண்டால் இந்தத் திரை நிற்காது. தொடர்ந்து தவிர்ப்பதே, நம்மை எந்தத் தட்டில் வைக்கிறான் என்ற ஐயத்தை எதிரிலிருப்பவருக்கு உண்டாக்கும்.

'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் நடுவே 'நீர்' இருக்கிறதே என்றால், அது இடத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் 'வாரும், இரும்' என்பது ஒத்தவரிடமும் இளையவரிடமும் இயல்பாக வழங்கும் கௌரவமான பேச்சு. திருநெல்வேலிப் பக்கத்திலும் 'வாரும்' என்று சொல்வதுண்டு. அதையே சென்னையில் ஒரு பெரியவரிடம் சொன்னால் அதிகாரமாகவோ பரிகாசமாகவோ தொனிக்கும்.

இன்னொன்று: 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்குவது மூத்தவர் தாமே செய்யக்கூடியது, அல்லது பிறருக்கு அவர் அனுமதிக்க வேண்டியது. நெடுநாள் 'நீ' என்றவர் திடீரென்று 'நீங்கள்' என்று ஏறினாலோ, அது பெரும்பாலும் மரியாதையன்று, கோபம். ஆகவே புதியவரிடம் 'நீங்கள்' என்றே தொடங்குவது உத்தமம். அதிகமாகக் கொடுத்ததை அவர் சிரித்துத் தள்ளிவிடலாம், குறைத்துக் கொடுத்ததை மறப்பது அரிது.

(தொடரும்)