பங்குச்சந்தை சரியும்போது எது சரிவதில்லை?

2007 டிசம்பர் 31 அன்று மும்பைப் பங்குச்சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 20,287 புள்ளிகளில் முடிந்தது. சரியாக ஓராண்டு கழித்து அது 9,647 புள்ளிகளில் நின்றது. பங்குகளில் போட்ட 10 லட்சம் ரூபாய் பன்னிரண்டே மாதங்களில் 4 லட்சத்து 76 ஆயிரம் ஆகிவிட்டது.

அந்த ஆண்டு நஷ்டப்பட்டவர்களில் பலர் கவனமானவர்கள்தான். பணம் முழுவதையும் ஒரே பங்கில் போடாமல் வங்கி, மென்பொருள், கட்டுமானம், மருந்து என்று பல துறைகளில் பிரித்து வைத்தவர்கள். அப்படியும் அவர்கள் தப்பவில்லை. மும்பைச் சந்தையின் மிட்கேப் குறியீடு அந்த ஆண்டில் மூன்றில் இரு பங்கை இழந்தது. ஸ்மால்கேப் குறியீடு எழுபது சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. மனை, கட்டுமான நிறுவனங்களின் குறியீடு எண்பது சதவீதத்தைத் தாண்டி விழுந்தது. நுகர்பொருள் துறை மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது. மற்றபடி இருபது பங்குகள் வைத்திருந்தவரும் நான்கு பங்குகள் வைத்திருந்தவரும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தில்தான் கிடந்தார்கள். குடங்கள் பத்து இருந்தும் நீர் இறைத்தது ஒரே கிணற்றில் என்றால், கிணறு வற்றும்போது எல்லாக் குடமும் காலிதான்.

அப்படியானால் முதலீட்டைப் பிரித்து வைப்பதில் பயனே இல்லையா? பயன் உண்டு. எத்தனை இடங்களில் பிரிக்கிறோம் என்பதைவிட, அந்த இடங்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டி நகர்கின்றன என்பதில்தான் அந்தப் பயன் இருக்கிறது. புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர்.

ஒட்டுறவு என்பது −1 முதல் +1 வரையிலான ஓர் எண். இரண்டு முதலீடுகளின் மாத லாப நஷ்டங்களைப் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஒன்று தன் சராசரியைவிட மேலே போகும் மாதங்களில் மற்றொன்றும் தவறாமல் அதே அளவில் மேலே போனால், கீழே வரும்போதும் கூடவே வந்தால், எண் +1. ஒன்றின் போக்கைக் கொண்டு மற்றொன்றின் போக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாவிட்டால் 0. ஒன்று ஏற மற்றது எப்போதும் இறங்கினால் −1.

இந்த எண்ணை முதலீட்டுக் கணக்கின் மையத்தில் கொண்டுவந்து வைத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952-ல் அவர் எழுதிய கட்டுரைக்காக 1990-ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் காட்டிய கணக்கின் சாரம் எளிது. இரண்டு முதலீடுகள் இருக்கின்றன. இரண்டுமே ஆண்டுக்கு 20 சதவீதம் ஏறி இறங்கும் தன்மை கொண்டவை. பணத்தைப் பாதிப் பாதியாகப் போடுகிறோம். ஒட்டுறவு +1 என்றால் மொத்தப் பணத்தின் ஏற்ற இறக்கமும் 20 சதவீதம்தான். பிரித்ததால் ஒன்றும் குறையவில்லை. ஒட்டுறவு 0 என்றால் அது 14 சதவீதமாகக் குறைகிறது. −0.5 என்றால் 10 சதவீதம். இதில் எதற்காகவும் சராசரி லாபத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆட்டம் மட்டும் அடங்குகிறது.

இனி 2008-க்கு வருவோம். அன்று பங்குகள் எல்லாம் ஏன் ஒன்றாக விழுந்தன? அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி முற்றி, செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. தங்கள் நாட்டில் பணம் தேவைப்பட்ட வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் இந்தியாவில் வைத்திருந்ததை விற்றார்கள். நல்ல நிறுவனமா, மோசமான நிறுவனமா என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. எது விலைபோகுமோ அதை விற்றார்கள். சாதாரண நாட்களில் ஒரு மருந்து நிறுவனத்தின் பங்கு அதன் விற்பனையைப் பொறுத்தும், வங்கியின் பங்கு அதன் வாராக்கடனைப் பொறுத்தும் நகரும். நெருக்கடியில் இரண்டையும் ஒரே கை விற்கிறது. அதனால் பங்குகளுக்கு இடையிலான ஒட்டுறவு 1-ஐ நோக்கி ஓடுகிறது. துறை துறையாகப் பிரித்து வைத்தது பலன் தராமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே விற்பனை வேறு இடங்களில் நேர் எதிரான விளைவை உண்டாக்கியது. பங்குகளை விற்றவர்கள் ரூபாயை டாலராக மாற்றிக்கொண்டு வெளியேறினார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 39 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 48 ரூபாயைத் தாண்டியது. உலகச் சந்தையில் தங்கத்தின் டாலர் விலை அந்த ஆண்டில் சில சதவீதமே ஏறியது. ஆனால் ரூபாய் சரிந்ததால், இந்தியாவில் தங்கம் கால் பங்குக்கு மேல் விலை ஏறியது. அதாவது பங்குகளை வீழ்த்திய காரணமே தங்கத்தை உயர்த்தியது. இந்தியருக்குத் தங்கம் பங்கோடு ஒட்டாமல் நகர்வதற்கு இந்த ரூபாய்க் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது விளைவு வட்டியில் தெரிந்தது. பொருளாதாரம் முடங்காமலிருக்க, 9 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் 6.5 சதவீதமாகக் குறைத்தது. புதிய பத்திரங்களின் வட்டி குறைந்தால், பழைய கூடுதல் வட்டிப் பத்திரங்களுக்கு மதிப்பு கூடும். எனவே அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறியது. வங்கி வைப்பு நிதியோ எதற்கும் அசையாமல் ஒப்புக்கொண்ட வட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதை ரூபாயில் பார்ப்போம். 2007 கடைசியில் ஒருவர் 10 லட்சத்தை இப்படிப் பிரித்தார் என்று வைத்துக்கொள்வோம்: சென்செக்ஸ் பங்குகளில் 5 லட்சம், வைப்பு நிதியில் மூன்றரை லட்சம், தங்கத்தில் ஒன்றரை லட்சம். வைப்பு நிதிக்கு 8 சதவீத வட்டி, தங்கத்துக்கு 25 சதவீத ஏற்றம் என்று குறைத்தே கணக்கிடுவோம். ஈவுத்தொகை, வரி ஆகியவற்றை விட்டுவிடுவோம். ஆண்டு முடிவில் பங்கு 2.38 லட்சம், வைப்பு நிதி 3.78 லட்சம், தங்கம் 1.87 லட்சம். மொத்தம் ஏறத்தாழ 8.03 லட்சம்.

நஷ்டம் 20 சதவீதம்; முழுவதையும் பங்கில் போட்டவருக்கு 52 சதவீதம். ஆனால் உண்மையான வித்தியாசம் இந்த இரு எண்களில் தெரிவதைவிடப் பெரியது. 20 சதவீதம் இழந்தவர் 25 சதவீதம் சம்பாதித்தால் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். 52 சதவீதம் இழந்தவருக்கோ 110 சதவீதம் வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, ஏறிவரத் தேவைப்படும் உயரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. சாதாரண ஆண்டில் பெரிதாகத் தெரியாத பரவலாக்கத்தின் பலன், பெருஞ்சரிவில் மட்டும் இத்தனை பெரிதாவது இதனால்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. 2009 தொடக்கத்தில் இவர் தன் பழைய விகிதத்துக்குத் திரும்ப நினைக்கிறார். வைப்பு நிதியிலிருந்தும் தங்கத்திலிருந்தும் சுமார் 1.64 லட்சத்தை எடுத்து, அடிமட்ட விலையில் பங்கு வாங்குகிறார். அந்த ஆண்டு சென்செக்ஸ் 81 சதவீதம் ஏறி 17,465-ல் முடிந்தது. வைப்பு நிதிக்கு 7, தங்கத்துக்கு 15 சதவீதம் என்று கொண்டால், இவருடைய பணம் 2009 முடிவில் ஏறத்தாழ 11.66 லட்சம். விகிதத்தைத் தொடாமலே விட்டிருந்தால் 10.5 லட்சம். முழுவதும் பங்கில் வைத்துப் பொறுமையாக இருந்தவரிடம் 8.61 லட்சம். சரிவின்போது விலை குறையாத ஒன்றைக் கையில் வைத்திருந்தவருக்குத்தான் மலிவாக வாங்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. 2002 முடிவிலிருந்து 2007 முடிவு வரை சென்செக்ஸ் ஆறு மடங்கானது. அந்த ஐந்து ஆண்டுகளில் பாதிப் பணத்தைப் பங்குக்கு வெளியே வைத்திருந்தவர், பக்கத்து வீட்டுக்காரரைவிட வெகுவாகப் பின்தங்கியிருப்பார். சரிவில் கிடைக்கும் காப்புக்கு நல்ல ஆண்டுகளில் செலுத்தும் கட்டணம் அது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஒட்டுறவு மாறக்கூடியது. 2008 அக்டோபரில் சென்செக்ஸ் 24 சதவீதம் விழுந்தபோது, அந்த ஒரு மாதத்தில் தங்கமும் இறங்கியது. கடனைக் கட்டவும் கைப்பணம் திரட்டவும் உலகெங்கும் பலர் தங்கத்தையும் விற்றார்கள். 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தின் நடுவே சில நாட்களுக்கு இதுவே மீண்டும் நடந்தது. இரண்டு முறையும் தங்கம் விரைவில் எழுந்தது. ஆனால் அந்த நாட்களில் விற்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவருக்கு அது உதவியிருக்காது. அதனால்தான் தங்கம் மட்டும் போதாது; வைப்பு நிதி போன்ற அசையாத ஒன்றும் வேண்டும்.

2022-ல் அமெரிக்காவில் நடந்தது வேறு வகை. அங்கே பிரச்சினை மந்தம் அல்ல, பணவீக்கம். மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்தியது. அது பங்குகளையும் அடித்தது, பத்திரங்களையும் அடித்தது. எஸ் அண்ட் பி 500 குறியீடு ஈவுத்தொகையைச் சேர்த்தும் 18 சதவீதம் இழந்தது. அந்நாட்டுப் பத்திரச் சந்தையின் முக்கியக் குறியீடு 13 சதவீதம் இழந்தது. மந்தத்தில் பங்குக்கு எதிராக நகரும் நீண்டகாலப் பத்திரம், பணவீக்கத்தில் பங்கோடு சேர்ந்தே விழும். குறுகிய கால வைப்பு நிதிக்கு அந்த ஆபத்து குறைவு. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு, தரம் குறைந்த நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வாங்குவதும் ஆபத்து. பெயரில்தான் அவை கடன். நெருக்கடியில் பங்கைப் போலவே நடந்துகொள்ளும்.

உங்களிடம் இருப்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கணினியில் இரண்டு முதலீடுகளின் ஐந்தாண்டு மாத லாப சதவீதங்களை அடுத்தடுத்த பத்திகளில் இட்டு, கீழேயுள்ளதைத் தட்டினால் ஒட்டுறவு வந்துவிடும்.

```
=CORREL(B2:B61,C2:C61)
```

ஆனால் அந்தச் சராசரி எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அமைதியான மாதங்களே அதில் அதிகம். சென்செக்ஸ் மிக மோசமாக விழுந்த பத்து மாதங்களை மட்டும் தேடி எடுத்து, அந்த மாதங்களில் உங்களுடைய மற்ற முதலீடுகள் என்ன செய்தன என்று பாருங்கள். அந்தப் பத்து வரிகளில் எல்லாமே இறக்கமாக இருந்தால், ஐந்து மியூச்சுவல் ஃபண்டுகள் வைத்திருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரே முதலீடுதான். நகையைத் தங்க முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். செய்கூலி, சேதாரம் போக, நெருக்கடியில் அதை விற்றுப் பங்கு வாங்க எந்தக் குடும்பமும் சம்மதிக்காது.

இந்தச் சோதனையைச் சந்தை உயரத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். சரிவு தொடங்கிய பிறகு பங்கை விற்றுத் தங்கத்துக்கோ வைப்பு நிதிக்கோ ஓடுவது பரவலாக்கம் ஆகாது. நஷ்டத்தை உறுதிசெய்வது மட்டுமே.