ஒரு செய்தி, மூன்று பிரதி, நான்கு மணி

லேப்டாப்பில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருப்பவர்களில் பலர், போனில் இருப்பதைத்தான் அந்தத் திரை எடுத்துக் காட்டுகிறது என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது லேப்டாப்புக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாது. நீங்கள் லேப்டாப்பில் தட்டச்சு செய்தது முதலில் உங்கள் போனுக்குப் போகும்; போன்தான் அதைப் பூட்டி வெளியே அனுப்பும். போனில் சார்ஜ் தீர்ந்தாலோ நெட் அறுந்தாலோ லேப்டாப்பும் கையை விரித்துவிடும். போன் இணைப்பில் இல்லை என்று ஒரு மஞ்சள் பட்டை வந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

2021 ஜூலையில் வாட்ஸ்அப் வெள்ளோட்டம் விட்ட புதிய ஏற்பாடு இந்த அமைப்பையே மாற்றிவிட்டது. இப்போது உங்கள் லேப்டாப் ஒரு தனி ஆள். அதற்கென்று தனிச் சாவி உண்டு. அதன் பெயருக்குத் தனியாகச் செய்தி வருகிறது. போனை அணைத்துப் பெட்டியில் போட்டாலும் லேப்டாப்பில் அரட்டை ஓடும். ஒரு போனோடு இப்படி நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். நோட்டிஃபிகேஷன் இரண்டு முறை வருவதற்கான காரணமும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்க, ஒரே ஒரு செய்தியின் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மதுரையில் இருக்கும் அக்கா, சென்னையில் வேலை பார்க்கும் தம்பிக்கு எழுதுகிறார்: “பத்திரம் ரெடிப்பா. நாளைக்கு 10 மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்துடு.” தம்பியிடம் ஒரு போன். அலுவலக லேப்டாப்பில் குரோம் உலாவியில் வாட்ஸ்அப் வெப் ஒரு டேபில் திறந்திருக்கிறது. அதே லேப்டாப்பில், எப்போதோ நிறுவி மறந்துபோன வாட்ஸ்அப் செயலியும் பின்னணியில் ஓடுகிறது. அக்கா வீட்டிலும் ஒரு லேப்டாப் இணைக்கப்பட்டிருக்கிறது.

அக்கா அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அவருடைய போன் தம்பியின் கணக்கில் எத்தனை சாதனங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைப் பார்க்கிறது. போன், குரோம், செயலி என்று மூன்று. மூன்றுக்கும் மூன்று வேறு சாவிகள் என்பதால் அதே வரியை மூன்று தடவை தனித்தனியாகப் பூட்டுகிறது. அக்காவின் சொந்த லேப்டாப்பிலும் “நான் அனுப்பியது” என்று அந்த வரி தெரிய வேண்டுமே, அதற்காக நான்காவதாக ஒன்று. ஆக, ஒரு வரிச் செய்திக்கு நான்கு பூட்டிய பிரதிகள் வாட்ஸ்அப்பின் சர்வருக்குப் போகின்றன. சர்வரிடம் சாவி எதுவும் இல்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எந்தப் பிரதி எந்தச் சாதனத்துக்கு என்று பார்த்துச் சேர்ப்பிப்பது மட்டுமே அதன் வேலை. ஏதாவது ஒரு சாதனம் இணைப்பில் இல்லாவிட்டால் அதற்குரிய பிரதி 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும்.

அப்படியானால் அக்கா பத்திரத்தின் படத்தை அனுப்பினால் அதையும் நான்கு தடவை ஏற்றி டேட்டாவைத் தீர்த்துவிடுமா? இல்லை. படத்தை ஒரு புதுச் சாவியால் ஒரே தடவை பூட்டி சர்வரில் வைத்துவிட்டு, அந்தச் சாவியை மட்டும் நான்கு சிறிய செய்திகளாக அனுப்புகிறது. நன்றாக யோசித்துச் செய்த சிக்கனம் இது.

தம்பியின் கணக்கில் அந்த மூன்று சாதனங்கள்தான் உண்டு என்று அக்காவின் போனுக்கு யார் சொன்னது? பட்டியலைத் தருவது சர்வர். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் தம்பியின் போன் மின்கையெழுத்து போட்டிருக்க வேண்டும். லேப்டாப் திரையில் தெரியும் கியூஆர் கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்கிறோமே, அப்போது நடப்பது இதுதான். அந்தக் கட்டத்துக்குள் லேப்டாப்பின் பொதுச் சாவி இருக்கிறது. போன் அதைப் படித்து, இது நம்முடையதுதான் என்று ஒப்பமிடுகிறது. பழைய அரட்டைகளில் அண்மைக்கால உரையாடல்களைப் போன் ஒரு மூட்டையாகக் கட்டி, பூட்டி, லேப்டாப்புக்கு அனுப்புவதும் அப்போதுதான். முழு வரலாறும் அந்த மூட்டைக்குள் வராது. லேப்டாப்பில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஓர் இடத்தில், இதற்கு முந்தியவற்றைப் போனில் பாருங்கள் என்று நின்றுவிடுவது அதனால்தான்.

சில நேரம் “Waiting for this message” என்று ஒரு வெற்று வரி மட்டும் வந்து நிற்கும். அந்தச் சாதனத்துக்கென்று பூட்டிய பிரதியை அதனால் திறக்க முடியவில்லை என்று பொருள். சர்வரிடம் கேட்டுப் பயனில்லை. அதனிடம் திறந்த பிரதி கிடையாது. அனுப்பியவரின் போன்தான் மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும். அக்கா போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டால் தம்பி காலைவரை காத்திருக்க வேண்டியதுதான். அதே செய்தி அவருடைய இன்னொரு சாதனத்தில் ஒழுங்காகத் திறந்திருக்கும். அங்கே போய்ப் படிக்கலாம்.

தம்பியின் மேசைக்கு வருவோம். மூன்று பிரதிகளும் வந்து சேர்ந்துவிட்டன. போன் ஒலிக்கிறது. குரோம் திரையின் மூலையில் ஒரு பெட்டி காட்டுகிறது. செயலி இன்னொரு பெட்டி காட்டுகிறது. மூன்றும் தங்களுக்கு வந்த பிரதிக்குத்தான் மணி அடிக்கின்றன; பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே அடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருக்க அவற்றுக்கு நேரமில்லை. இது போதாதென்று, விண்டோஸில் போன் லிங்க் என்ற வசதியையும் தம்பி எப்போதோ இயக்கி வைத்திருந்தால், போனில் வந்த நோட்டிஃபிகேஷனை அது லேப்டாப் திரைக்குக் கொண்டுவந்து காட்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐபோன் நோட்டிஃபிகேஷன்கள் மேக்கில் தெரியும் வசதி 2024-இல் வந்தது. பிரதி மூன்று, மணி நான்கு. இதில் எதுவும் பழுதில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

தம்பி குரோமில் செய்தியைத் திறந்து படிக்கிறார். உடனே குரோம் இரண்டு தகவல்களை அனுப்புகிறது: படித்தாயிற்று என்று அக்காவுக்கு ஒன்று, தம்பியின் மற்ற சாதனங்களுக்கு ஒன்று. இரண்டாவதைப் பெற்றதும் போன் தன் நோட்டிஃபிகேஷனைத் தானே நீக்கிவிட வேண்டும். பெரும்பாலும் நீக்கியும் விடுகிறது. ஆனால் பத்து நிமிடம் கழித்துப் போனைக் கையில் எடுத்தால், படித்து முடித்த செய்தி இன்னும் அங்கே புதிதுபோல் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள்.

காரணம் போனின் பேட்டரிக் கணக்கில் இருக்கிறது. திரை அணைந்து கிடக்கும் ஆண்ட்ராய்ட் போன், செயலிகளின் பின்னணி இணைப்பை நிறுத்தி வைத்துவிடும். புதுச் செய்தி வந்தால் கூகுளின் புஷ் சேவை உயர் முன்னுரிமை கொடுத்துப் போனைத் தட்டி எழுப்பும். ஆனால் அந்த முன்னுரிமை, பயனருக்குக் காட்ட ஏதாவது இருக்கும்போது மட்டுமே பயன்படுத்தத் தக்கது என்பது கூகுள் வைத்திருக்கும் விதி. தட்டி எழுப்பிவிட்டு எதையும் காட்டாமல் விடும் செயலியின் முன்னுரிமையைக் கூகுள் குறைத்துவிடும். ஆப்பிள் இன்னும் கறார்: சத்தமில்லாத பின்னணித் தகவல்களை மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள் என்று தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, அவையும் உடனே போய்ச்சேரும் என்ற உறுதி இல்லை. மணி அடிக்க அவசர வழி உண்டு, அடித்த மணியைத் திரும்பப் பெற அந்த வழி கிடையாது என்பதே விஷயம். என் பார்வையில் இது நியாயமான ஏற்பாடுதான். படித்த செய்தி ஒன்று கொஞ்ச நேரம் நிற்பதைவிட, பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துபோவது பெரிய தொல்லை.

ஒரே போனில் ஒரே செய்திக்கு இரண்டு தடவை சத்தம் வருவது வேறு வகை. தம்பி அலுவலக வைஃபையை விட்டுப் படியிறங்கும்போது செய்தி வருகிறது. “கிடைத்தது” என்று போன் சர்வருக்குச் சொல்வதற்குள் இணைப்பு மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்துவிடுகிறது. பதிவுத் தபாலுக்கு ஒப்புகைச் சீட்டு திரும்பாவிட்டால் மறுபடி அனுப்பிவைப்பதுபோல் சர்வரும் அதே செய்தியை மீண்டும் அனுப்பும். செய்தி தொலைவதைவிட இரண்டு தடவை வருவது மேல் என்பதே இத்தகைய அமைப்புகளின் அடிப்படை முடிவு. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், இரண்டாவதைச் செயலி கண்டுபிடித்துத் தள்ளிவிடும். அரட்டையில் ஒன்றுதான் தெரியும். ஆனால் நோட்டிஃபிகேஷன் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டில் பழைய நோட்டிஃபிகேஷனைப் புதுப்பித்தால், ஒருமுறை மட்டும் ஒலி எழுப்பு என்று செயலி குறிப்பாகச் சொல்லாதவரை, மறுபடி சத்தம் வரும். எனவே பெட்டி ஒன்று, சத்தம் இரண்டு என்றால் அது பெரும்பாலும் புதுப்பித்தல். பெட்டியே இரண்டு என்றால் இரண்டு வேறு செயலிகள்.

கண்டுபிடிப்பதும் எளிது. லேப்டாப்பில் இரட்டை வந்தால், விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பொத்தானையும் N எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வந்த நோட்டிஃபிகேஷன்கள் எந்தச் செயலியின் பெயரில் வந்தன என்று தனித்தனியாகத் தெரியும். குரோம் ஒன்று, வாட்ஸ்அப் ஒன்று என்றிருந்தால் இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை லாக் அவுட் செய்யுங்கள். போன் லிங்க் காரணமென்றால், அதன் அமைப்பில் வாட்ஸ்அப்பின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணைத்தால் போதும். நோட்டிஃபிகேஷன் தொல்லைக்காக எல்லாச் சாதனங்களையும் துண்டித்துத் திரும்ப இணைப்பது வீண் வேலை. பழைய அரட்டை மூட்டை மறுபடி இறங்க வேண்டியிருக்கும், இரட்டையும் போகாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். போனில் வாட்ஸ்அப்புக்குள் Linked devices என்ற பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு சாதனமும் கடைசியாக எப்போது இயங்கியது என்று அதில் தெரியும். 14 நாள் போனையே தொடாமல் இருந்தால் இணைத்தவை தாமே வெளியேறும். போனை தினமும் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் காவல் உதவாது. பட்டியலில் அடையாளம் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பிரதி அங்கேயும் போய்க்கொண்டிருக்கிறது. உடனே வெளியேற்றுங்கள். பரிசு, பார்சல், போட்டோ என்று எதைச் சொல்லியும் யாராவது 8 எழுத்துக் குறியீட்டை வாட்ஸ்அப்பில் உள்ளிடச் சொன்னால் உள்ளிடாதீர்கள். கியூஆர் கட்டத்தைப் போலவே அதுவும் சாதனத்தை இணைக்கும் வழிதான்.