கடவுச்சொல் தானாக நிரம்பவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்

இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் 2025ஆம் ஆண்டில் பெருமளவில் மாறின. வங்கிகளுக்கென்றே bank.in என்கிற தனி டொமைன் உருவாக்கப்படும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. அக்டோபர் 31ஆம் தேதிக்குள் அனைத்து வங்கிகளும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று ஏப்ரலில் சுற்றறிக்கை வெளியிட்டது. hdfcbank.com என்று இருந்தது hdfc.bank.in ஆனது; icicibank.com என்று இருந்தது icici.bank.in ஆனது. போலி வங்கித் தளங்களை மக்கள் எளிதில் அடையாளம் காண வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நோக்கம் நல்லது. ஆனால், பாஸ்வேர்டு மேனேஜர் எனப்படும் கடவுச்சொல் காப்பகச் செயலியைப் பயன்படுத்துவோர் பலருக்கு இந்த மாற்றம் ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. நேற்றுவரை உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்ததும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தானாக நிரப்பிய செயலி, திடீரென்று பேசாமல் இருந்துவிட்டது. சிலருக்கு வேறொரு கணக்கின் விவரங்களை நிரப்பியது. இத்தகைய நேரத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: செயலியைத் திறந்து, கடவுச்சொல்லை நகலெடுத்து, பக்கத்தில் ஒட்டிவிடுவது. மோசடிக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

முகவரியே சாவி: செயலி ஒரு பக்கத்தை அதன் தோற்றத்தைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை. வங்கியின் சின்னம், நிறம், எழுத்துரு எதுவும் அதற்குப் பொருட்டல்ல. நாம் ஒரு கடவுச்சொல்லைச் சேமிக்கும்போது அதனுடன் அந்தத் தளத்தின் முகவரியையும் அது பதிந்துகொள்கிறது. அடுத்த முறை திறக்கும் பக்கத்தின் முகவரியைப் பதிவில் உள்ள முகவரியோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் நிரப்பும், பொருந்தாவிட்டால் விலகி நிற்கும்.

‘நம் வங்கி’ என்று ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய முகவரி nambank.com, புதிய முகவரி nam.bank.in. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே வங்கி. செயலிக்கோ இரண்டும் தொடர்பற்ற இரு தளங்கள். nam-bank.in என்று ஒரு மோசடித் தளம் இருந்தால் அதுவும் இன்னொரு தொடர்பற்ற தளமே. கண்ணை ஏமாற்றும் அந்தச் சிறு கோடு செயலியை ஏமாற்றாது. ஆகவே, முகவரி மாறிய பிறகு செயலி நிரப்ப மறுப்பது கோளாறு அல்ல. அது தன் காவல் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான சான்று.

தவறான பதிவு எப்படி வருகிறது? ஒப்பிடும் வேலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழு முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஒரே வங்கியின் www.nambank.com, netbanking.nambank.com ஆகிய இரண்டும் பொருந்தாமல் போகும். எனவே, பெரும்பாலான செயலிகள் முகவரியின் அடிப்படைப் பகுதியை, அதாவது nambank.com என்பதை மட்டும் ஒப்பிடுகின்றன.

இந்த அடிப்படைப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை அறிய அவை ‘பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்’ எனப்படும் பொதுப் பட்டியலைச் சார்ந்துள்ளன. மொசில்லாவின் முன்முயற்சியில் தொடங்கி, தன்னார்வலர்களால் பராமரிக்கப்படும் பட்டியல் இது. co.in, gov.in போன்றவை தனியொரு தளத்தின் பெயர் அல்ல, பலரும் பகிர்ந்துகொள்ளும் பொது விகுதிகள் என்பதை இப்பட்டியல்தான் செயலிகளுக்குச் சொல்கிறது. செயலியில் உள்ள பட்டியல் பழைய பிரதியாக இருந்து, அதில் bank.in இடம்பெறவில்லை என்றால், செயலி bank.in என்பதையே ஒரு தளமாக எண்ணிவிடும். அப்போது அதன் பார்வையில் எல்லா வங்கிகளும் ஒரே தளத்தின் கிளைகள். ஒரு வங்கியின் பக்கத்தில் மற்றொரு வங்கியின் பதிவு வந்து நிற்பது இப்படியும் நேரலாம். கவனிக்காமல் இரண்டு மூன்று முறை அழுத்தினால் கணக்கு முடக்கப்படக்கூடும். செயலியையும் உலாவியையும் புதுப்பிப்பது இதற்கு முதல் மருந்து.

இதைவிடப் பரவலான காரணம் நம் பழக்கத்தில் இருக்கிறது. புதிய முகவரியில் உள்நுழைந்ததும், ‘இந்தக் கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று செயலி கேட்கும். ‘ஆம்’ என்றால், அதே கணக்குக்கு இரண்டாவது பதிவு உருவாகிவிடும். சில மாதங்களில் கடவுச்சொல்லை மாற்றும்போது இரண்டில் ஒன்று மட்டுமே புதுப்பிக்கப்படும். அதன் பிறகு எது சரியான பதிவு என்பது செயலிக்கும் தெரியாது, நமக்கும் நினைவிருக்காது. புதிய பதிவு உருவாக்காமல், பழைய பதிவைத் திருத்தி அதில் புதிய முகவரியைச் சேர்ப்பதே சரியான வழி. ஒரே பதிவில் பல முகவரிகளை வைத்துக்கொள்ளும் வசதி பல செயலிகளில் உண்டு.

முகவரி சரி, பக்கம் மாறினால்? முகவரி பொருந்தினாலும் நிரப்பல் தவறலாம். பக்கத்தில் உள்ள பெட்டிகளில் எது பயனர் பெயருக்கானது, எது கடவுச்சொல்லுக்கானது என்பதைச் செயலி ஊகித்தாக வேண்டும். பெட்டியின் வகை, அதன் பெயர், அருகில் உள்ள சொற்கள் ஆகியவையே அதற்கான தடயங்கள்.

நம் வங்கியின் பழைய பக்கத்தில் வாடிக்கையாளர் எண், கடவுச்சொல் என இரு பெட்டிகள் மட்டும் இருந்தன. புதிய வடிவமைப்பில் முதல் திரை வாடிக்கையாளர் எண்ணையும், படத்தில் உள்ள எழுத்துகளையும் கேட்கிறது. ‘தொடர்க’ என்பதை அழுத்திய பிறகே கடவுச்சொல் பெட்டி வருகிறது. கடவுச்சொல் பெட்டியைத் தேடிப் பழகிய செயலி முதல் திரையில் அதைக் காணாமல் செயலற்று நிற்கலாம். அல்லது படத்தின் எழுத்துகளுக்கான பெட்டியில் வாடிக்கையாளர் எண்ணை இடலாம். கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தில் பழையது, புதியது, மீண்டும் புதியது என மூன்று பெட்டிகள் இருக்கும். மூன்றிலும் பழைய கடவுச்சொல்லையே நிரப்பிவிடும் செயலிகளும் உண்டு.

இன்னொரு விசித்திரமும் நிகழ்வதுண்டு. பெட்டிகள் நிரம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால், ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்று தளம் திருப்பி அனுப்பும். விசை அழுத்தப்படுவதைக் கவனித்தே பெட்டியின் உள்ளடக்கத்தை ஏற்கும்படி அந்தப் பக்கத்தின் நிரல் எழுதப்பட்டிருக்கும். செயலி எந்த விசையையும் அழுத்துவதில்லை. இத்தகைய பெட்டியின் இறுதியில் ஓர் எழுத்தைத் தட்டி அழித்தால் தளம் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டு மௌனங்கள்: பயனர் புரிந்துகொள்ள வேண்டிய முக்கிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நிரப்பல் நடக்காதபோது, உலாவியில் உள்ள செயலியின் குறியீட்டை அழுத்திப் பாருங்கள். அந்தத் தளத்துக்கான உங்கள் பதிவு பட்டியலில் தெரிந்தால், முகவரி பொருந்தியிருக்கிறது. பக்கத்தின் அமைப்புதான் சிக்கல். அப்போது அந்தப் பதிவிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் உரியதை நீங்களே எடுத்து இடுவதில் பெரிய ஆபத்து இல்லை. கடவுச்சொல் அதற்குரிய பெட்டிக்குள்தான் விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

‘இந்தத் தளத்துக்குப் பதிவு எதுவும் இல்லை’ என்று செயலி சொன்னால், நிலைமை வேறு. இங்கே கையை எடுத்துவிட வேண்டும். தேடுபொறியில் வங்கியின் பெயரைத் தேடுவதோ, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அழுத்துவதோ தீர்வல்ல. செயலியில் பதிவாகியுள்ள பழைய முகவரியைத் திறந்து பாருங்கள். முறையாக மாறிய வங்கியின் பழைய முகவரி பெரும்பாலும் புதியதற்கு உங்களைத் தானே அழைத்துச் செல்லும். அப்படிச் சென்று சேர்ந்த முகவரியின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி .bank.in என்று முடிய வேண்டும். bank என்பதற்கு முன்னால் இருப்பது புள்ளியாக இருக்க வேண்டும். சிறு கோடாக இருக்கக் கூடாது. nam.bank.in என்பதற்குப் பின்னும் ஒரு புள்ளி வைத்து வேறு பெயர் தொடர்ந்தால், அந்தக் கடைசிப் பெயர்தான் தளத்தின் உண்மையான உரிமையாளர்.

இந்தச் சோதனையை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. bank.in முகவரிகளைப் பதிவுசெய்து தரும் ஒரே அமைப்பு, ஹைதராபாதில் உள்ள வங்கித் தொழில்நுட்ப மேம்பாட்டு - ஆராய்ச்சி நிறுவனம். வங்கியல்லாத ஒருவர் பணம் கொடுத்து அதை வாங்கிவிட முடியாது. ஆனால், அது வங்கியின் முகவரி என்பதற்கு மட்டுமே உறுதி. உங்கள் வங்கியின் முகவரிதானா என்பதை இடப்புறப் பெயரைப் படித்து நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

உறுதியானதும் புதிய முகவரியைப் பழைய பதிவில் சேருங்கள். மாற்றம் முழுமையடைந்த பிறகு பழைய முகவரியை நீக்கிவிடுங்கள். வங்கி ஒருநாள் அந்தப் பழைய பெயரைப் புதுப்பிக்காமல் கைவிட்டால், வேறொருவர் அதை வாங்க முடியும். அப்போதும் உங்கள் செயலி பழைய நம்பிக்கை மாறாமல் கடவுச்சொல்லை அவரது பக்கத்தில் நிரப்பிக் கொடுக்கும்.

தளங்களின் கடமை: சுமையை எல்லாம் பயனரின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. ஒவ்வொரு பெட்டியும் எதற்கானது என்று செயலிக்குத் தெளிவாகச் சொல்லும் வழி எச்டிஎம்எல் மொழியிலேயே இருக்கிறது:

```html
<input name="custid" autocomplete="username">
<input type="password" autocomplete="current-password">
```

புதிய கடவுச்சொல்லுக்கான பெட்டிக்கு new-password என்றும், ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கு one-time-code என்றும் குறிக்கலாம். இந்தச் சில சொற்கள் இருந்தாலே மேலே சொன்ன ஊகப் பிழைகளில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால், பல தளங்கள் இதற்கு நேர்மாறாக, ஒட்டுவதைத் தடுக்கின்றன. சாதாரண எழுத்துப் பெட்டியையே புள்ளிகளால் மறைத்துக் கடவுச்சொல் பெட்டிபோலக் காட்டுகின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்படும் இந்த ஏற்பாடு, எளிய கடவுச்சொல்லை வைத்து அதைக் கையால் தட்டச்சு செய்யவே மக்களைப் பழக்குகிறது.

முகவரியை மாற்றும் நிறுவனம், மாற்றத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே, பழைய தளத்தில் உள்நுழைந்த பிறகு தெரியும் பக்கத்தில் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும். கணக்கு அறிக்கையிலும் அதை அச்சிட வேண்டும். இணைப்புடன் கூடிய குறுஞ்செய்தியில் அறிவித்தால், மோசடிக்காரர் நகலெடுப்பதற்கு வங்கியே மாதிரி எழுதிக் கொடுத்ததாகிவிடும். நிரப்ப மறுக்கும் செயலியைக் கண்டு எரிச்சலடையாமல், ‘ஏன் மறுக்கிறது?’ என்று பயனர் நின்று கேட்க வேண்டுமானால், அந்த மறுப்பு அரிதாகவே நிகழ வேண்டும். அதை அரிதாக வைத்திருப்பது தளங்களை நடத்துவோரின் பொறுப்பு.