ஊட்டியில் அதே ரெண்டு பெக்... போதை மட்டும் ஏன் எகிறுது? தூக்கத்தில் நடக்கும் ஆபத்து இதுதான்!

திருவண்ணாமலை நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ராத்திரி அங்கே வேன் ஏறும் நண்பர்கள் கூட்டம், காலையில் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் இறங்குகிறது. அன்று மாலையே பாட்டில் திறக்கப்படும். வழக்கமான ரெண்டு பெக்தான். ஆனா, தலை கிர்ருனு சுத்துது!

மலையில் ஒரு பெக் அடிச்சா ரெண்டு பெக் மாதிரி என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில், அதே அளவு குடித்தால் ரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் அளவு மலையிலும் ஏறக்குறைய அதேதான். மாறுவது காற்று. உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறைகிறது. ஊட்டியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கீழே கிடைப்பதில் சுமார் முக்கால் பங்குதான். ஆக்சிஜன் குறைந்தாலும் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். குடித்தாலும் அதுவே வரும். ரெண்டும் சேரும்போது போதை கூடிய மாதிரி தெரிகிறது. தூங்காமல் வந்த களைப்பு வேறு.

தூங்கும்போது என்ன ஆகும்?

ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு வேகமாக மூச்சு வாங்கி அதைச் சமாளிக்கும். மது அந்த வேகத்தை மந்தப்படுத்துகிறது. விழித்திருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது, தூக்கத்தில்தான் சிக்கல்.

2024-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள். விமானத்துக்குள் இருப்பது போல 2,438 மீட்டர் உயரத்துக்கான காற்றழுத்தம் கொண்ட அறையில், ஆரோக்கியமான இளைஞர்களைத் தூங்க வைத்தார்கள். இந்த உயரம் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடைப்பட்டது. குடிக்காமல் தூங்கியபோது ரத்த ஆக்சிஜன் சுமார் 88 சதவீதம், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 73. ரெண்டு கேன் பீர் அளவுக்குக் குடித்துவிட்டுத் தூங்கியபோது ஆக்சிஜன் 85 ஆக இறங்கியது, துடிப்பு 88 ஆக ஏறியது. அதாவது உடம்பு தூங்குகிறது, இதயம் ஓடுகிறது. இதய நோய், ஆஸ்துமா, குறட்டை உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல.

ஜவ்வாது மலையிலும் இப்படியா?

இல்லை. ஜவ்வாது, ஏலகிரி போன்ற மலைகளில் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையாது. அங்கே குடித்தால் ஆபத்து, கொண்டை ஊசி வளைவுகளில்தான். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். டெல்லியில் இருந்து விமானத்தில் நேராக லே போய் இறங்குபவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அது சுமார் 3,500 மீட்டர். முதல் ரெண்டு நாள் மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

லேயில் குடித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். காலையில் தலைவலி என்றால் ஹேங்ஓவர் என்று நினைத்து, மலை நோயைக் கோட்டை விட்டுவிடுவார்கள். போதை தெளிய வேண்டிய நேரம் கடந்தும் தலைவலி கூடிக்கொண்டே போகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால் அது ஹேங்ஓவர் அல்ல. விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுத்து, உடனே கீழே இறக்க வேண்டும்.