சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால்

கிளிநொச்சியில் உள்ள எனது இரும்பு வேலைத்தளத்தில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கிரைண்டர் ஒன்றுதான். கேற் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், அதை யார் முதலில் எடுப்பது என்று இருவர் அடிக்கடி சண்டை பிடித்தார்கள். ஒருநாள், இளையவரிடம் அதைக் கொடுக்கச் சொன்னேன். "ஏலாது அண்ணை" என்றார் மூத்தவர், எல்லோர் முன்னிலையிலும்.

"நாளைக்கு வரவேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. வேலை நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். வேலைத்தளம் சிறியது என்பது அங்கே விலக்கல்ல. நிறுத்தியது நியாயம் என்பதை முதலாளிதான் காட்டவேண்டும்.

அதனால் திகதி, நேரம், நான் சொன்னது, அவர் சொன்ன பதில், பார்த்தவர்கள் யார் என்பதை எழுதி, 3 நாளில் விளக்கம் தரும்படி கடிதம் கொடுத்தேன். பிரதியில் கையொப்பம் வாங்கினேன்.

கிரைண்டர் கிடைக்காத நாளில் கூலி குறைகிறது என்று பதில் எழுதினார். இருவருக்கும் நேரம் பிரித்துச் சுவரில் ஒட்டினேன், சண்டை நின்றது. எல்லோர் முன்னிலையிலும் மறுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தேன். மறுபடி நடந்தால் இந்தக் கடிதங்களே சாட்சி. ஆனால், ஆபத்தான வேலையைச் செய்ய மறுப்பவரை இப்படி நடத்தமுடியாது. அது கீழ்ப்படியாமை அல்ல.