லாரித் தண்ணீருக்கு ஒரு கணக்கேடு

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. மாதக் கடைசியில் சப்ளையர் தரும் பில் பெரும்பாலும் லோடு எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆனால் குடியிருப்புக்கு வேண்டியது லிட்டர். 12,000 லிட்டர் என்று சொல்லி வரும் லாரி முழுதாக நிரம்பாமல் வரலாம். வால்வை முன்கூட்டியே மூடி, மிச்சத் தண்ணீரோடு கிளம்பியும் விடலாம். லோடுகளை மட்டும் எண்ணும் ஏட்டில் இவை தெரியாது.

தண்ணீர் விழும் சம்பையே அளவுகோலாக்கிக்கொள்வது எளிய வழி. உள்ளளவு 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள சம்பில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 240 லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். 12,000 லிட்டர் முழுதாக இறங்கினால் மட்டம் 50 சென்டிமீட்டர் உயர வேண்டும். 46 மட்டுமே உயர்ந்திருந்தால் வந்தது 11,040 லிட்டர், குறைவு 960.

அளக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். லாரி தண்ணீர் இறக்கி முடியும்வரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடக் கூடாது; குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ சம்பில் விழவும் கூடாது. இறக்கியதும் அலை அடங்கச் சில நிமிடம் விட்டு அளக்க வேண்டும். கோலில் அரை சென்டிமீட்டர் பிசகினாலே 120 லிட்டர் மாறும். முன்னும் பின்னும் அளப்பதால் 240 லிட்டர் வரையிலான வித்தியாசத்துக்குச் சப்ளையரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை.

ஏட்டில் ஒரு லோடுக்கு ஒரு வரி போதும்: தேதி, நேரம், வண்டி எண், சப்ளையர் சீட்டு எண், முன் மட்டம், பின் மட்டம், லிட்டர், செக்யூரிட்டி, டிரைவர் கையெழுத்து. டிரைவர் இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் பிறகு அந்த வரி செல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு: 12,000 லிட்டர் லோடு 1,500 ரூபாய், குறைந்தால் இறங்கிய லிட்டருக்கே பணம் என்று முன்பே பேசியிருக்கிறார்கள். அப்படியானால் ஆயிரம் லிட்டர் 125 ரூபாய். சப்ளையர் 62 லோடுக்கு 93,000 ரூபாய் பில் தருகிறார். ஏட்டில் 60 வரிகளே உள்ளன. சீட்டு எண்களை ஒப்பிட்டால், ஒரே சீட்டு இருமுறை எண்ணப்பட்டது தெரிகிறது. இன்னொன்று போன மாதக் கடைசி இரவில் வந்து, அப்போதே பணம் கொடுத்துத் தீர்ந்தது. 60 லோடும் முழுதாக இறங்கியிருந்தால் 7,20,000 லிட்டர். ஏட்டின் கூட்டுத்தொகையோ 7,02,000. ஆகவே தர வேண்டியது 87,750 ரூபாய். முன்பணம் 40,000 கழித்தால் பாக்கி 47,750.

இரண்டு சப்ளையர்கள் இருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஒருமுறை சீட்டுகளோடு சரிபார்ப்பது நல்லது. லிட்டர் குறைவு எப்போதும் ஒரே வண்டி எண்ணில் தெரிந்தால், அந்த டேங்கின் கொள்ளளவே குறைவாக இருக்கலாம். சப்ளையரிடம் சொல்லி அந்த வண்டிக்கான அளவையே திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.